இருவரில் ஒருவர்: டீம் லீட் பதவிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

மார்ச் மாதம் வந்துவிட்டால் ஐ.டி. அலுவலகங்களில் இரண்டு பேச்சுகள்தான் ஓடும். ஒன்று, யாருக்கு எவ்வளவு ஹைக். இன்னொன்று, யாருக்குப் பிரமோஷன். அதிலும் ஒரு டீமில் லீட் பதவி காலியாகி, அதற்கு அதே டீமிலேயே தகுதியுள்ள இருவர் இருந்துவிட்டால், மேனேஜருக்குத் தூக்கம் போய்விடும். வெளியிலிருந்து ஆள் எடுப்பதென்றால் கிடைக்காதவரின் முகத்தை மறுநாள் பார்க்க வேண்டியதில்லை. உள்ளேயிருந்து எடுத்தால் கிடைக்காதவர் மறுநாள் காலை பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்வார். நேற்றுவரை தோளில் கைபோட்டு டீ குடிக்கப் போனவரிடம் இன்று லீவு கேட்க வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்களில் இந்த முடிவை மேனேஜர் தனியாக எடுப்பதில்லை. அவர் ஒரு பரிந்துரையை எழுதி மேலே அனுப்புகிறார். டெலிவரி ஹெட், ஹெச்.ஆர். பிரதிநிதி, வேறு பிரிவு மேனேஜர் ஒருவர் என மூன்று நான்கு பேர் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். ஒரே கூட்டத்தில் இப்படிப் பல பரிந்துரைகள் வருவதால் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அங்கே இருப்பவர்களில் பலர் அந்த இருவரையும் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதம்தான் கண்.

அந்தக் கடிதத்தில் வழக்கமாக என்ன இருக்கிறது? 'கடின உழைப்பாளி, சின்சியரானவர், டீம் பிளேயர், எந்தப் பொறுப்பையும் தயங்காமல் ஏற்பவர்.' இதே வரிகளை இரண்டாவது நபரின் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். இருவருக்கும் பொருந்தும் கடிதத்தைக் கொண்டு ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடைசியில் கூட்டத்தில் யாரோ ஒருவர், 'யார் சீனியர்? அவருக்கே கொடுத்துவிடலாம்' என்பார். கடிதம் செய்ய வேண்டிய வேலையை நாள்காட்டி செய்துவிடும்.

எந்த வேலைக்கான கடிதம்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு இதை முழுதாகப் பார்ப்போம். டீமும் ஆட்களும் கற்பனை. நடப்பவை எல்லா சப்போர்ட் பிராஜெக்ட்டிலும் நடப்பவை.

ஒரு வங்கியின் பணப் பரிமாற்ற மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் டீம். லீட் வேறு பிராஜெக்ட்டுக்குப் போகிறார். மிச்சம் ஒன்பது பேர். மூன்று ஷிஃப்ட். எங்காவது கோளாறு என்றால் டிக்கெட் வரும். பணம் போகாமல் நின்றுவிட்டால் அது பி1, அதாவது முதல் நிலை அவசரம். நள்ளிரவானாலும் உடனே எழுந்து உட்கார வேண்டும்.

போட்டியில் இருவர். மூத்தவருக்கு ஒன்பது ஆண்டு அனுபவம், ஆண். இளையவருக்கு ஆறு ஆண்டு, பெண். மூத்தவர் கை வைத்தால் தீராத சிக்கல் கிடையாது. வங்கிக்காரர்களே போனில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இளையவர் அவ்வளவு வேகம் இல்லை. ஆனால் அவர் பொறுப்பில் இருக்கும் ஷிஃப்ட்டில் சத்தம் குறைவு.

மேனேஜரின் கை தானாக மூத்தவர் பெயரைத்தான் எழுதப் போகும். இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். கனடாவில் பிறந்த கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல்லுடன் சேர்ந்து 1969-ல் வெளியிட்ட புத்தகத்தில் பாதி கேலியாக ஒரு விதியைச் சொன்னார்: ஒருவர் இப்போதைய வேலையை நன்றாகச் செய்கிறார் என்பதற்காகவே மேலே ஏற்றிக்கொண்டு போனால், அவர் தனக்குச் செய்யத் தெரியாத ஒரு வேலையில் போய் நிற்பார், பிறகு அங்கேயே இருப்பார். 'பீட்டர் விதி' என்று அது நிலைத்துவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019-ல், பென்சன், லீ, ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களின் கணக்கு அது. அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்திருந்தது. ஆனால் அப்படி மேனேஜரானவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனையைப் பார்த்தால், நட்சத்திர விற்பனையாளர்கள் சராசரியில் பலவீனமான மேனேஜர்களாக இருந்தார்கள். மற்றவர்களோடு சேர்ந்து விற்ற அனுபவம் உள்ளவர்கள் மேனேஜரான பின் சிறப்பாகச் செய்தார்கள். திறமைசாலிக்குப் பதவி கொடுக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இப்போதைய வேலையின் மதிப்பெண் அடுத்த வேலைக்கான தகுதியைத் தனியாகச் சொல்லிவிடாது என்பதுதான் அர்த்தம்.

ஆகவே கடிதம் எழுதுமுன் மேனேஜர் ஒரு தாளில் எழுத வேண்டியது இருவரின் பெயர்களை அல்ல, லீட் தினமும் செய்யப்போகும் வேலைகளை. நம் உதாரணத்தில் அவை நான்கு. வேலையைப் பகிர்ந்து ஷிஃப்ட் போடுவது. தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தனியாக நிற்க வைப்பது. கெட்ட செய்தியை மூடி மறைக்காமல் உரிய நேரத்தில் மேலே சொல்வது. வங்கிக்காரர் அவசரப்படுத்தும்போது முடியாததை 'முடியாது' என்று சொல்வது. சிக்கலான டிக்கெட்டைத் தானே உட்கார்ந்து தீர்ப்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். லீட் அதையும் செய்யலாம். ஆனால் தினமும் அதையே செய்துகொண்டிருந்தால் மற்ற நான்கையும் செய்ய ஆள் இருக்காது.

நினைவை நம்பாமல் பதிவைப் பார்ப்பது

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட பைலட்டுகளின் கோப்புகளை ஜான் ஃப்ளனகன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். நீக்கியதற்கான காரணம் பல கோப்புகளில் 'பறக்கும் இயல்பு போதாது', 'முடிவெடுக்கும் திறன் குறைவு' என்ற அளவில்தான் இருந்தது. அவர் என்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்று இல்லை. அதிலிருந்து வளர்ந்த முறையை ஃப்ளனகன் 1954-ல் விரிவாக எழுதினார்: குணத்தை எழுதாதே, நீ பார்த்த நிகழ்வை எழுது. என்ன சூழல், அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. பரிந்துரைக் கடிதத்துக்கு இதைவிட நல்ல விதி இன்றுவரை இல்லை.

ஆனால் நிகழ்வை நினைவிலிருந்து எழுதினால் போன மாதம் நடந்ததும் பெரிதாகச் சத்தம் போட்டதும்தான் வரும். நம் மேனேஜர் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பதிவுகளைத் திறக்கிறார். டிக்கெட் பட்டியல், ஷிஃப்ட் அட்டவணை, ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்ட்ஓவர் குறிப்புகள், ஒவ்வொரு பி1-க்குப் பின்னும் எழுதப்படும் காரண அறிக்கை. எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருப்பவை.

ஆறு மாதத்தில் ஏழு பி1. அவற்றில் ஐந்தைத் தீர்த்தவர் மூத்தவர். மேலோட்டமாகப் பார்த்தால் கதை முடிந்தது. காரண அறிக்கைகளைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த ஐந்தில் மூன்று ஒரே கோளாறு: இரவு செட்டில்மென்ட் ஃபைல் பாதியில் நிற்பது. முதல் தடவை நான்கு மணி நேரம் எடுத்தது. மூன்றாம் தடவை மூத்தவர் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். நான்காவது முறை அதே கோளாறு வந்தபோது அவர் லீவில் இருந்தார். வேறொருவர் உட்கார்ந்தார், ஆறு மணி நேரம் ஆனது. தீர்வு மூத்தவரின் தலைக்குள் இருந்தது, எந்தக் குறிப்பிலும் இல்லை.

இளையவரின் பதிவு இப்படி. தன் கைக்கு வந்த கோளாறுகளுக்குப் படிப்படியான ரன்புக் எழுதியிருக்கிறார், மொத்தம் பதினான்கு. ஜூனில் சேர்ந்த இரண்டு ஃப்ரெஷர்கள் அவரிடம் ஒதுக்கப்பட்டார்கள். அக்டோபரிலிருந்து அவர்கள் தனியாகவே இரவு ஆன்-கால் பார்க்கிறார்கள். ஆறு மாதத்தில் மூன்று முறைதான் வேறு யாரையாவது எழுப்பினார்கள். வார இறுதி ஷிஃப்ட்டில் அதே நான்கு பேர் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வதை அட்டவணையிலிருந்து காட்டி அதை மாற்றி அமைத்தார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கணக்கை அவர்கள் முன்னால் வைத்துப் பேசினார், மாற்றம் நின்றது.

இத்தோடு நிறுத்தினால் இளையவருக்குச் சாதகமாக ஒரு கதை கிடைத்துவிடும். நேர்மையான மேனேஜர் எதிர்த்திசையிலும் தேட வேண்டும். ஜனவரியில் வங்கிக்காரர் ஓர் அறிக்கையை இரண்டு வாரம் முன்னதாகக் கேட்டபோது இளையவர் யாரையும் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். டீம் இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார வேண்டியதாயிற்று. இதே விஷயத்தில் மூத்தவரின் பதிவு பிரமாதம். மாதக் கடைசி நாளில் ஒரு மாற்றத்தை உடனே ஏற்றச் சொல்லி வங்கி நெருக்கியது. பழைய நிலைக்குத் திரும்பும் வழி சோதிக்கப்படவில்லை என்று காட்டி அவர் மறுத்தார். புகார் மேலிடம் வரை போனது. மூன்று நாள் கழித்துச் சோதித்தபோது அந்த மாற்றத்தில் பிழை இருந்தது தெரிந்தது. முடியாது என்று சொல்வது லீடின் வேலை என்றால், அதை ஏற்கெனவே செய்துகாட்டியவர் மூத்தவர்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இதைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம். இந்த வாய்ப்புகளைக் கொடுத்தது யார்? ஃப்ரெஷர்களை இளையவரிடம் ஒதுக்கியது மேனேஜர்தான். மூத்தவரிடம் ஒரு ஃப்ரெஷரைக்கூட விடவில்லை. அவர் நேரம் பி1-க்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே, 'மூத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வராது' என்று கடிதத்தில் எழுத முடியாது. 'அதற்கு அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. எனவே என்னிடம் ஆதாரம் இல்லை' என்றுதான் எழுத முடியும். இரண்டுக்கும் நடுவே ஒருவரின் சில ஆண்டுகள் இருக்கின்றன.

பதிவுகளைப் பார்த்த பிறகு ஆட்களிடம் கேட்கலாம். விலகிப் போகும் லீட், ஷிஃப்ட்டில் சேர்ந்து உட்காருபவர்கள், வங்கித் தரப்பில் தினமும் பேசுபவர். இருவரைப் பற்றியும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். 'அவர் எப்படி?' என்று கேட்டால் 'நல்ல மனுஷன் சார்' என்றுதான் பதில் வரும். 'கடைசியாக நீங்கள் செய்த ஒரு தவறை அவரிடம் போய்ச் சொன்னது எப்போது? அவர் என்ன செய்தார்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் நிகழ்வாக வரும்.

சொற்கள் செய்யும் சதி

ஆதாரம் கையில் இருந்தாலும் எழுதும்போது சொற்கள் வழுக்கிவிடும். 2003-ல் ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இருவர், ஒரு பெரிய அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் பணிகளுக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து ஆராய்ந்தார்கள். எல்லாமே வேலை கிடைத்தவர்களுக்கான கடிதங்கள். அப்படியிருந்தும் பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவை. அவர்களின் உழைப்பைச் சொல்லும் சொற்கள் அதிகம். லேசாகச் சந்தேகம் கிளப்பும் வரிகளும் அதிகம். ஆண்களின் கடிதங்களில் அவர்களின் ஆராய்ச்சியும் சாதனையும் மேலோங்கி நின்றன. யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. சொற்கள் அப்படி வந்து விழுந்தன.

நம் மேனேஜரின் முதல் வரைவிலும் இது நடந்திருக்கலாம். மூத்தவருக்கு 'கூர்மையானவர், நெருக்கடியில் தலைமை தாங்குபவர்.' இளையவருக்கு 'பொறுமைசாலி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர், கடுமையாக உழைப்பவர்.' அட்டவணையை மாற்றி, எதிர்ப்பைச் சமாளித்து, இரண்டு பேரை ஆன்-காலுக்குத் தயார்ப்படுத்தியவரைப் பற்றி 'அன்பானவர்' என்று எழுதினால், படிக்கும் கூட்டம் அவரை நல்ல உதவியாளராகத்தான் பார்க்கும். இதற்கு மாற்று, பெண்ணுக்காகச் சொல்லை ஏற்றி எழுதுவது அல்ல. இருவருக்கும் பெயரடைகளை வெட்டிவிட்டு வினைச்சொற்களை வைப்பது. 'மாற்றினார்', 'மறுத்தார்', 'எழுதினார்', 'கேட்காமல் ஒப்புக்கொண்டார்.' வினைச்சொல்லுக்கு ஆண் பெண் பேதம் வருவது கடினம்.

சில விஷயங்கள் கடிதத்துக்குள் வரவே கூடாது. கல்யாணம், குழந்தை, உடல்நிலை, வீட்டு தூரம், சொந்த ஊர். பேறுகால விடுப்பில் போயிருந்தவர் என்றால் அவர் வேலையில் இருந்த மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். இன்னொன்று, 'கொடுக்காவிட்டால் பேப்பர் போட்டுவிடுவார்' என்ற பயம். ராஜினாமா பயத்தில் கொடுக்கப்பட்ட லீட் பதவிகள் இந்தத் துறையில் ஏராளம். போய்விடுவார் என்பது சம்பளம் பற்றிய பிரச்சினை; அதைச் சம்பளத்தால்தான் தீர்க்க வேண்டும். எட்டுப் பேரின் தலையில் வைத்துத் தீர்க்கக் கூடாது.

கடிதம்

இப்போது மேனேஜர் எழுதுகிறார். அலுவலகத்தில் இது ஆங்கிலத்தில்தான் போகும்; தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

*பேமென்ட்ஸ் சப்போர்ட் டீமின் லீட் பதவிக்கு இளையவரைப் பரிந்துரைக்கிறேன். இருவரும் தகுதியானவர்கள். வித்தியாசம் சிறியது, அது எங்கே இருக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பதிவுகளைப் பார்த்தும், டீமிலும் வங்கித் தரப்பிலும் இருவரைப் பற்றியும் ஒரே கேள்விகளைக் கேட்டும் எழுதியது இது.*

*இந்த டீமின் இன்றைய பெரிய சிக்கல், அறிவு ஒருவரிடமே தங்கியிருப்பது. செட்டில்மென்ட் ஃபைல் கோளாறு ஆறு மாதத்தில் நான்கு முறை வந்தது. தெரிந்தவர் லீவில் இருந்த அன்று ஆறு மணி நேரம் எடுத்தது. அடுத்த லீட் முதலில் தீர்க்க வேண்டியது இதை. இளையவர் பதினான்கு ரன்புக் எழுதியிருக்கிறார். அவரிடம் பயின்ற இரண்டு ஃப்ரெஷர்கள் நான்கு மாதத்தில் தனியாக இரவு ஆன்-கால் எடுத்தார்கள். வார இறுதி ஷிஃப்ட்டைக் கணக்குக் காட்டி மாற்றினார். எதிர்ப்பு வந்தும் பின்வாங்கவில்லை.*

*அவரிடம் ஒரு குறை உண்டு. ஜனவரியில் வங்கி கேட்ட தேதியை என்னிடம் கேட்காமல் ஒப்புக்கொண்டார். டீம் இரண்டு சனிக்கிழமைகளை இழந்தது. அதை மறுவாரமே என்னிடம் அவரே வந்து சொன்னார். முதல் மூன்று மாதம் வங்கியுடனான தேதிப் பேச்சில் நானும் உடன் இருப்பேன்.*

*மூத்தவர் ஏழு பி1-களில் ஐந்தைத் தீர்த்தார். மாதக் கடைசியில் சோதிக்காத மாற்றத்தை ஏற்ற மறுத்து, புகார் வந்தபோதும் உறுதியாக நின்றார். அந்த மாற்றத்தில் பிழை இருந்தது பின்னர் உறுதியானது. இந்த விஷயத்தில் அவர் இளையவரைவிட மேல். கற்றுக்கொடுப்பது பற்றி என்னிடம் அவரைக் குறித்து ஆதாரம் இல்லை; அந்த வாய்ப்பை நான் தரவில்லை. ஏப்ரலில் வரும் ஃப்ரெஷர் ஒருவரை அவரிடம் ஒதுக்குகிறேன். மாற்றங்களை ஏற்றலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பையும் அவருக்குத் தரக் கோருகிறேன். மேலாண்மை வேண்டாம், தொழில்நுட்ப வழியிலேயே உயர விருப்பம் என்றால் டெக்னிக்கல் லீட் நிலைக்கும் அவரைப் பரிசீலிக்கக் கோருகிறேன்.*

*டீமின் தேவை வேறாக இருந்திருந்தால், உதாரணமாக மென்பொருளையே புதிய தளத்துக்கு மாற்றும் ஆண்டாக இருந்திருந்தால், மூத்தவரைப் பரிந்துரைத்திருப்பேன்.*

ஒரு பக்கம்கூட வராது. ஆனால் கூட்டத்தில் இருப்பவர்கள் வாதாட இதில் எல்லாமே இருக்கிறது. முதல் வரியிலேயே முடிவு. காரணம் டீமின் தேவையிலிருந்து தொடங்குகிறது. பரிந்துரைக்கப்பட்டவரின் குறை மறைக்கப்படவில்லை. அதோடு அதற்கு மேனேஜர் என்ன செய்யப் போகிறார் என்பதும் இருக்கிறது. குறையே இல்லாத ஆளாக எழுதியிருந்தால் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கடைசிப் பத்தி முக்கியமானது. எந்தச் சூழலில் இந்தத் தேர்வு மாறியிருக்கும் என்று எழுதத் தெரிந்த மேனேஜர் உண்மையிலேயே இருவரையும் எடைபோட்டிருக்கிறார்.

கடிதத்தால் முடியாதவையும் உண்டு. ஆறு மாதப் பதிவு என்பது சின்னக் கணக்கு. ஒரு பி1 எந்த ஷிஃப்ட்டில் வருகிறது என்பதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது. பார்த்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதையே எழுதிவிடலாம். பழைய லீட் போவதற்கு முன் இருவரையும் ஆளுக்கு ஆறு வாரம் பொறுப்பு லீடாக வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இருவருக்கும் சம அளவு காலம், சம அளவு அதிகாரம். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஒப்புக்கு இதைச் செய்தால் மட்டும் டீம் மன்னிக்காது. இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும்.

கிடைக்காதவர் படித்தால்?

அரசுத் துறையில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத், கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்குத் தகுதியான காலம் வந்தும் விடுபட்டார். அந்தப் பதவிக்கு ஐந்து ஆண்டுகளும் 'மிக நன்று' என்ற மதிப்பீடு வேண்டும். ஓர் ஆண்டு மட்டும் அவருக்கு 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. 'நன்று' என்பது பாதகமான குறிப்பு இல்லையே என்று அதை அவரிடம் தெரிவிக்கவே இல்லை. 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. பதவி உயர்வையே தடுக்கும் என்றால் 'நன்று' என்பதும் பாதகம்தான். எந்த மதிப்பீடானாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அதன் பிறகு 2009-ல் மத்திய அரசு, ரகசியக் குறிப்பேடாக இருந்த ஆண்டறிக்கையை முழுதாக அதிகாரியிடமே காட்டும் முறைக்கு மாறியது. ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள்.

தனியார் நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதத்தை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் அங்கேயும் செல்லும். இருவருக்கு ஒரு பதவி என்னும்போது, ஒருவரைப் பற்றிய பாராட்டு மற்றவருக்குத் தடையாகிறது. 'நல்லவர்தான்' என்ற மழுப்பல் வரி, கிடைக்காதவருக்குத் திட்டைவிட மோசம். திட்டு என்றால் எதிர்த்துப் பேசலாம். மழுப்பலை எதிர்த்து என்ன பேசுவது?

ஆகவே முடிவு வந்ததும், டீமுக்கு மெயில் போகும் முன், மேனேஜர் மூத்தவரைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சில் கடிதத்தில் இருப்பதுதான் இருக்க வேண்டும். 'அடுத்த தடவை உங்களுக்குத்தான்' என்ற வாக்குறுதி வேண்டாம். அதைக் காப்பாற்றும் அதிகாரம் பெரும்பாலும் மேனேஜரிடம் இல்லை. இப்படிச் சொல்லலாம்: "அஞ்சு பி1 நீங்கதான் தீர்த்தீங்க, அதை எழுதியிருக்கேன். மாசக் கடைசில நீங்க நின்ன விதத்தையும் எழுதியிருக்கேன். ஃப்ரெஷர்ஸை உங்ககிட்ட விடாதது என் முடிவு, அதையும் எழுதியிருக்கேன். ஏப்ரல்ல ஒருத்தர் வர்றார், உங்ககிட்டதான்." கோபம் வரும். வரட்டும். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல மேனேஜரிடம் ஆதாரம் இருக்கிறது. கிடைக்காதவரின் கையிலும் அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

இந்த மார்ச்சில் உங்கள் மேஜைக்கு இப்படியொரு கடிதம் எழுதும் வேலை வந்தால், அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, டீமைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எந்தப் பத்தி யாரைப் பற்றியது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். பிறகு, பதவி கிடைக்காதவர் எதிரே உட்கார்ந்து இதைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். எந்த வரியில் உங்களுக்குக் கூசுகிறதோ, அந்த வரியில் ஆதாரம் இல்லை. அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.